அனுப்பிய ஃபைல் எது?

பதினாலாம் பக்கத்தில் ஓர் எண் 50 என்று இருக்க வேண்டும். நான் அனுப்பிய ஃபைலில் அது 30 என்று இருந்தது.

கிணற்றுப் பம்ப் ஒன்றின் கையேடு அது. கோயம்புத்தூரில் உள்ள ஒரு பம்ப் கம்பெனிக்காக ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குச் செய்துகொடுத்தேன். மொத்தம் 38 பக்கம். அந்த எண், உறிஞ்சு குழாயின் அடி முனையில் இருக்கும் ஃபுட் வால்வு தண்ணீர் மட்டத்துக்குக் கீழே குறைந்தது எத்தனை சென்டிமீட்டர் மூழ்கியிருக்க வேண்டும் என்பதைச் சொல்கிறது. மூழ்கியது போதாவிட்டால் பம்ப் தண்ணீரோடு காற்றையும் இழுக்கும். பிறகு ஓடிக்கொண்டே இருக்கும், தண்ணீர் ஏறாது. நான் இருக்கும் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பாலக்காடு மாவட்டத்தில் மழை குறைவான கிழக்குக் கோடி. கோடையில் கிணற்றுத் தண்ணீர் எவ்வளவு கீழே போகும் என்று இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்தக் கையேடு அவர்கள் கைக்கும் வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அந்த ஃபோன் வந்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது.

"மேடம், பதினாலாம் பக்கத்துல பழைய அளவே இருக்குதுங்களே. போன மாசம் நீங்க அனுப்புனதுல சரியாத்தானுங்க இருந்துச்சு" என்றார் அங்கே கையேடுகளைப் பார்த்துக்கொள்பவர். அச்சுக்குப் போவதற்கு முன்பே கண்ணில் பட்டுவிட்டது. போன மாதம் சரியாக இருந்தது இந்த மாதம் எப்படித் தவறானது என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு அரை நாள் ஆனது. அன்றைக்குத்தான் என் ஃபோல்டர்களை முழுக்கக் கலைத்துவிட்டுப் புதிதாக அடுக்கினேன்.

நடந்தது இதுதான். ஜூன் 3-ஆம் தேதி `manual_final.docx` என்று ஒரு ஃபைல் வந்தது. அதை ஒமேகாடி என்ற மொழிபெயர்ப்பு மென்பொருளில் ஏற்றி வேலையைத் தொடங்கினேன். 9-ஆம் தேதி, "சின்னச் சின்ன மாற்றம்தான்" என்ற குறிப்போடு அதே பெயரில் இன்னொரு ஃபைல் வந்தது. பிரவுசர் அதை `manual_final (1).docx` என்று டவுன்லோட் ஃபோல்டரில் போட்டது. நான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து கண்ணால் பார்த்தேன். அட்டையில் ஒரு வரியும் பதினாலாம் பக்க அட்டவணையில் ஓர் எண்ணும் மாறியிருந்தன. இரண்டு இடம்தானே என்று, மொழிபெயர்ப்பு முடிந்து வெளிவந்த தமிழ் ஃபைலை வேர்டில் திறந்து அங்கேயே கையால் திருத்தினேன். சேமித்தேன், அனுப்பினேன். அது சரியான ஃபைல்.

மூன்று வாரம் கழித்து, கையேடு முழுக்க "பம்ப்" என்று வரும் இடங்களில் "பம்ப்செட்" என்று வர வேண்டும் என்று கேட்டார்கள். இதை வேர்டில் செய்தால், மொழிபெயர்த்த வரிகளை ஒமேகாடி சேர்த்துவைக்கும் நினைவகத்தில் ஏறாது, அடுத்த வேலையிலும் பழைய சொல்லே வந்து நிற்கும். அதனால் ஒமேகாடிக்குள் போய் மாற்றினேன். `Ctrl+D` அடித்தேன். தமிழ் ஃபைல் புதிதாக உருவானது. அதை அனுப்பினேன்.

ஒமேகாடி பயன்படுத்துகிறவர்களுக்கு இந்த இடத்திலேயே புரிந்திருக்கும். அதில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஃபோல்டர் உண்டு. அதற்குள் மூல ஃபைல் இருக்கும் `source`, நினைவகம் இருக்கும் `omegat`, முடிந்த ஃபைல் வந்து விழும் `target` என்று பிரிவுகள் இருக்கும். `Ctrl+D` அடிக்கும் ஒவ்வொரு முறையும் அது `source`-இல் உள்ள ஃபைலை எடுத்து, நினைவகத்தில் உள்ள வரிகளை அதில் நிரப்பி, `target`-இல் ஏற்கெனவே இருப்பதன் மேலேயே எழுதிவிடும். `target`-இல் நான் கையால் செய்த திருத்தம் எதுவும் அதற்குத் தெரியாது. என் `source`-இல் இருந்ததோ 3-ஆம் தேதி வந்த பழைய ஃபைல். அதனால் 50 அழிந்தது, 30 திரும்பி வந்தது. நான் முதலில் அனுப்பிய நல்ல ஃபைல் என் கணினியில் எங்குமே இல்லை. மின்னஞ்சலில் அனுப்பியவற்றைத் தேடி அதைத் திரும்ப இறக்கினேன்.

அதுவரை ஃபோல்டர் முறை என்றால் ஃபைலைச் சீக்கிரம் கண்டுபிடிக்கும் வழி என்றுதான் நினைத்திருந்தேன். கண்டுபிடிப்பது பெரிய காரியமில்லை, கணினியில் தேடினால் கிடைத்துவிடும். என் ஃபோல்டர்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி வேறு: எந்த ஆளுக்கு, எந்தத் தேதியில், எந்த ஃபைலை அனுப்பினேன்? அது எந்த மூலத்திலிருந்து வந்தது? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு அடுக்கியது இது:

```
D:\Pani\
  KPM\
    _memory\
    _terms\
    2025-014_pump-manual_en-ta\
      00_order\
      01_in\
      02_work\
      03_check\
      04_out\
      05_back\
```

`KPM` என்பது வாடிக்கையாளருக்கு நானாக வைத்துக்கொண்ட மூன்றெழுத்து. 014 அந்த ஆண்டின் பதினான்காவது வேலை. இந்த எண்ணை வாடிக்கையாளருக்கு வாடிக்கையாளர் ஒன்றிலிருந்து தொடங்காமல், எல்லோருக்கும் சேர்த்து ஒரே வரிசையாக ஓட்டுகிறேன். பில்லிலும் மின்னஞ்சல் தலைப்பிலும் அதே எண்தான். ஒருவர் ஃபோன் செய்து "பதினாலு" என்றால் போதும், வேறு பதினாலு கிடையாது. `00_order`-இல் வேலையை ஒப்புக்கொண்ட மின்னஞ்சல், கட்டணம், கெடு. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முக்கியமானவை `01_in`, `04_out` இரண்டும்தான். இரண்டுக்கும் ஒரே விதி: உள்ளே போன ஃபைலை மறுபடி தொடக் கூடாது. திறந்து பார்க்கலாம், நகல் எடுக்கலாம், சேமிக்கக் கூடாது.

`01_in`-க்குள் ஒவ்வொரு வரவுக்கும் தேதியோடு தனி ஃபோல்டர். முதலில் வந்தது `S1_2025-06-03`, அடுத்தது `S2_2025-06-09`. தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் பெயர்வாரியாக அடுக்கும்போதே காலவரிசையும் வந்துவிடும். இது ஃபைல் என் கைக்கு வந்த தேதி, ஆவணத்தில் எழுதியிருக்கும் தேதி இல்லை. எங்கள் பக்கம் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பழைய நிலப் பத்திரங்களில் மலையாளக் கணக்கான கொல்லம் ஆண்டுதான் இருக்கும். அதோடு 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு, அந்த ஆண்டு தொடங்கும் சிங்கம் மாதத்திலிருந்து டிசம்பர் முடியும்வரை என்றால் 824. ஃபைல் பெயரில் அந்தத் தேதியைப் போட ஆரம்பித்தால் வரிசையே குலைந்துவிடும்.

அதே பெயரில் இரண்டாவது ஃபைல் வந்தால் இப்போது நான் கண்ணை நம்புவதில்லை. முதலில் இரண்டும் ஒன்றேதானா என்று பார்க்கிறேன். விண்டோஸில் கட்டளைத் திரையைத் திறந்து இப்படி அடித்தால் ஒரு நீண்ட எண்ணெழுத்துக் கோவை வரும்:

```
certutil -hashfile manual_final.docx SHA256
```

இரண்டு ஃபைலுக்கும் அதே கோவை வந்தால், தெரியாமல் ஒரே ஃபைலை இரண்டு தடவை அனுப்பியிருக்கிறார்கள், கவலையில்லை. வேறு வேறு கோவை வந்தால் உள்ளே எழுத்து மாறியிருக்கிறது என்று உடனே சொல்லிவிட முடியாது. வேர்ட் ஃபைலைச் சும்மா திறந்து சேமித்தாலே கோவை மாறிவிடும். அப்போது வேர்டின் ஒப்பிடும் வசதியில் S1, S2 இரண்டையும் கொடுத்தால், மாறிய இடங்களைத் திருத்தக் குறிகளோடு காட்டும். பம்ப் கையேட்டின் இரண்டு ஃபைல்களையும் பிறகு அப்படிக் கொடுத்துப் பார்த்தேன். மாறியிருந்தது இரண்டு இடம் இல்லை, ஐந்து. மூன்றை என் கண் தவறவிட்டிருந்தது. மூன்றும் படக்குறிப்புகளில் இருந்த சிறு மாற்றங்கள், பொருள் மாறவில்லை. ஆனால் அது நல்ல காலம் என்றுதான் சொல்ல வேண்டும்.

S2 வந்துவிட்டது என்று உறுதியானால், அதன் நகல் ஒன்றை ஒமேகாடியின் `source`-இல் பழையதற்குப் பதிலாக வைத்து `F5` அடிப்பேன். மாறாத வரிகளுக்கு ஏற்கெனவே செய்த மொழிபெயர்ப்பு அப்படியே இருக்கும். மாறிய வரிகள் மட்டும் செய்யாதவையாக வந்து நிற்கும், பக்கத்தில் பழைய வரி உதவிக்குக் காட்டப்படும். அந்த 50 சென்டிமீட்டர் வரியை இந்த வழியில் மொழிபெயர்க்க அரை நிமிடம் போதும். நான் வேர்டில் கையால் திருத்தியதற்கும் கிட்டத்தட்ட அதே நேரம்தான் ஆகியிருந்தது.

சரி, மூலம் என்பது எது? இது எளிதான கேள்விபோலத் தெரியும். எனக்கு வரும் வேலையில் பாதி மலையாளத்திலிருந்து தமிழுக்கு. எங்கள் சித்தூர் தாலுகாவில் வீட்டிலும் கடையிலும் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய. அவர்கள் கையில் உள்ள அரசுத் தாள்கள் பெரும்பாலும் மலையாளத்தில் இருக்கும். கோயம்புத்தூரில் வங்கிக் கடனுக்கோ வழக்குக்கோ அதே தாள் தமிழில் தேவைப்படும். வாட்ஸ்அப்பில் `IMG-20250611-WA0003.jpg` என்று ஒரு படம் வரும். அதை எழுத்துணரியில் கொடுத்துத் தட்டச்சு வடிவம் எடுத்துக்கொள்வேன். சிலர் பழைய டிடிபி ஃபைலையே தருவார்கள், உள்ளே `ML-TTKarthika` எழுத்துருவில் இருக்கும். அந்த எழுத்துரு இல்லாமல் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த குப்பையாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றிய பிறகுதான் வேலை செய்ய முடியும்.

இப்படி மாற்றி எடுத்த எதுவும் மூலம் இல்லை. அது என் கைவேலை, அது போக வேண்டிய இடம் `02_work`. முன்பெல்லாம் படத்தையும் எழுத்துணரி தந்த ஃபைலையும் ஒரே ஃபோல்டரில் போட்டு வைத்திருந்தேன். ஒரு நிலப் பத்திரத்தில் 4.05 ஆர் என்று இருந்ததை எழுத்துணரி புள்ளியை விட்டுவிட்டு 405 ஆர் என்று எடுத்தது. 4.05 ஆர் என்றால் 10 சென்ட். 405 ஆர் என்றால் 10 ஏக்கர். நான் மொழிபெயர்ப்பை எழுத்துணரி ஃபைலோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், சரியாக இருந்தது. மலையாளம் சரிபார்க்கும் சேச்சிக்கும் அதே ஃபைலைத்தான் அனுப்பியிருந்தேன், அவரும் எண்ணுக்கு எண் சரி என்றார். பத்திரத்தில் நான்கு எல்லைகளின் நீளமும் மீட்டரில் இருந்தது. அதைத் தட்டும்போதுதான், இவ்வளவு சின்ன நீளத்துக்குள் பத்து ஏக்கர் எப்படி அடங்கும் என்று தோன்றியது. அதற்கப்புறம், சரிபார்ப்பவருக்குப் போகும் மூலம் எப்போதும் `01_in`-இல் இருந்து, அதாவது வந்தபடியே உள்ள படமாகத்தான் போகிறது. சேச்சிக்குப் படத்தைப் பெரிதாக்கிப் படிப்பது சிரமம், அதற்காகக் கட்டணத்தைக் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கிறேன். அவர் திருத்திக் கொடுப்பது `03_check`-க்குப் போகும். அதிலிருந்து ஏற்கும் திருத்தங்களை நான் ஒமேகாடிக்குள் கொண்டுபோன பிறகே இறுதிப் பிரதி உருவாகும்.

இறுதிப் பிரதி என்கிறேன், ஆனால் ஃபைல் பெயரில் `final` என்ற சொல்லை இப்போது எழுதுவதே இல்லை. வாடிக்கையாளர் எழுதியிருந்தால் `01_in`-இல் அப்படியே இருக்கட்டும். என்னுடையது `04_out`-இல் இப்படி இருக்கும்:

```
014_pump-manual_ta_S2_D1.docx
```

S2 என்றால் இரண்டாவதாக வந்த மூலத்திலிருந்து செய்தது. D1 என்றால் முதல் தடவையாக அனுப்பியது. "பம்ப்செட்" மாற்றத்துக்குப் பிறகு அனுப்புவது `S2_D2`. அன்றைக்கு இந்தப் பெயர் இருந்திருந்தால், அனுப்பும் முன்பே நான் நின்றிருப்பேன். D2 என்று பெயர் வைக்கப் போகும்போது, முன்னால் எந்த எண் எழுதுவது என்று `source`-ஐத் திறந்து பார்த்திருப்பேன். அங்கே S1 இருந்திருக்கும். போன தடவை S2 போயிருக்க, இந்தத் தடவை S1-இலிருந்து செய்த ஒன்று போகக் கூடாது என்பது பெயரிலேயே தெரிந்திருக்கும்.

அனுப்பியதும் அந்த ஃபோல்டரில் ஒரு கட்டளை அடிக்கிறேன்:

```
attrib +R *.docx
```

இதற்குப் பிறகு அந்த ஃபைலை வேர்டில் திறந்து சேமிக்கப் போனால், வேறு பெயர் கேட்கும். அது பூட்டு இல்லை. நினைத்தால் ஒரு நொடியில் நீக்கிவிடலாம். தெரியாமல் கை போவதை மட்டும் தடுக்கும், எனக்கு அதுதான் வேண்டும். அதே ஃபோல்டரில் `sent.txt` என்று ஒரு சின்னக் கணக்கு. தேதி, ஃபைல் பெயர், யாருக்கு, எந்த வழியாக. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அதையும் எழுதுவேன், ஏனென்றால் மின்னஞ்சலில் தேடினால் அது கிடைக்காது.

அனுப்பிய பிறகு வாடிக்கையாளர் தன் கையால் திருத்தித் திருப்பி அனுப்புவதும் உண்டு. அது `05_back`-க்குப் போகும். இதை `04_out`-இல் போட்டால் நான் செய்தது எது, அவர்கள் மாற்றியது எது என்று ஆறு மாதம் கழித்துத் தெரியாது. `05_back`-இல் வந்ததை என் D ஃபைலோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு திருத்தத்தையும் நினைவகத்தில் ஏற்றிவிடுகிறேன். இதில் சோம்பல்பட்டால் அடுத்த கையேட்டிலும் அவர்கள் அதே இடத்தைத் திருத்திக் கொடுக்க வேண்டியிருக்கும். இரண்டாம் தடவை யாருக்கும் எரிச்சல் வரும்.

நினைவகத்தையும் சொற்பட்டியலையும் வாடிக்கையாளர் ஃபோல்டருக்குள்ளேயே, `_memory`, `_terms` என்று வைத்திருப்பதற்குக் காரணம் இந்த ஊர்தான். முன்பு எல்லாருக்கும் ஒரே பெரிய நினைவகம் வைத்திருந்தேன், வேலை வேகமாக நடந்தது. ஆனால் நிலம் வாங்கிய பத்திரத்தை மலையாளத்தில் ஆதாரம் என்பார்கள். கொழிஞ்சாம்பாறையில் தமிழ் பேசும்போதும் நாங்கள் ஆதாரம் என்றுதான் சொல்வோம். இந்தப் பக்கத்துச் சங்கம் ஒன்றுக்குச் செய்த சுற்றறிக்கையில் "ஆதாரத்தின் நகல்" என்று எழுதினேன், எல்லாருக்கும் புரிந்தது. அந்த வரி நினைவகத்தில் தங்கி, பொள்ளாச்சி வக்கீல் ஒருவருக்குச் செய்த ஆவணத்தில் போய் விழுந்தது. அங்கே ஆதாரம் என்றால் சான்று. "கிரயப் பத்திரத்தின் நகல்" என்று இருக்க வேண்டிய இடத்தில் வேறு பொருள் வந்துவிட்டது. எல்லைக்கு இந்தப் பக்கம் கரம் கட்டிய ரசீது, அந்தப் பக்கம் வரி ரசீது. இரண்டும் தமிழ்தான், இரண்டும் சரிதான். ஒருவருடைய தமிழ் இன்னொருவருடைய ஃபைலுக்குள் போகக் கூடாது, அவ்வளவுதான். ஒருவருடைய ரகசியமும் இன்னொருவர் கண்ணில் படக் கூடாது என்பது இதோடு சேர்ந்தே வருகிறது. தனித்தனியாக இருந்தால், "எங்களுடையதை அழித்துவிடுங்கள்" என்று ஒருவர் கேட்கும்போது ஒரே ஃபோல்டரை அழித்தால் போதும்.

ஃபோல்டர்களுக்குத் தமிழில் பெயர் வைக்காமல் ஆங்கில எழுத்தில் வைப்பது ஏன் என்று நண்பர் ஒருவர் வருத்தத்தோடு கேட்டார். எனக்கும் தமிழில் வைக்கத்தான் ஆசை, கொஞ்ச நாள் வைத்தும் பார்த்தேன். பிரச்சினை கொம்பில் இருக்கிறது. "கொ" என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். `U+0BCA` என்ற ஒரே குறியைக் க-வோடு சேர்க்கலாம், இல்லையென்றால் கொம்புக்கு `U+0BC6`, காலுக்கு `U+0BBE` என்று இரண்டு குறிகளாகச் சேர்க்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். பழைய மேக் வட்டுகள் ஃபைல் பெயரை எப்போதும் பிரித்தே சேமிக்கும். விண்டோஸோ கொடுத்ததைக் கொடுத்தபடி வைத்துக்கொள்ளும். மேக் வைத்திருந்த வடிவமைப்பாளர் ஒருவரிடம் போய்த் திரும்பிய "கொள்முதல்" என்ற ஃபைல், என் ஃபோல்டரில் ஏற்கெனவே இருந்த "கொள்முதல்" மேல் விழாமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. ஒரே ஃபோல்டரில், கண்ணுக்கு ஒரே பெயரில், இரண்டு ஃபைல்கள். எது பழையது என்று தேதியை வைத்துத்தான் பிரித்தேன். அன்றைக்கே பெயர்களை ஆங்கில எழுத்துக்கு மாற்றினேன். `sent.txt`-க்கு உள்ளே எழுதுவதெல்லாம் தமிழ்தான்.

பெயர்களைச் சிறிதாக வைப்பதற்கும் காரணம் உண்டு. விண்டோஸில் பல மென்பொருள்களுக்கு, வட்டின் எழுத்திலிருந்து ஃபைல் பெயர் முடியும்வரை மொத்தப் பாதை 260 எழுத்துக்குள் இருக்க வேண்டும். ஃபோல்டருக்குள் ஃபோல்டர், அதற்குள் ஒமேகாடியின் ஃபோல்டர், அதற்குள் வாடிக்கையாளரின் நீளமான ஃபைல் பெயர் என்று போனால் அந்த எல்லை தொலைவில் இல்லை. ஜிப் ஃபைலைப் பிரிக்கும்போது ஏதோ ஒரு ஃபைல் மட்டும் வராமல் போவது அதன் அறிகுறி. அதனால் ஜிப்பில் எத்தனை ஃபைல், வெளியே எத்தனை ஃபைல் என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவேன்.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு நான் செய்யாதது ஒன்று இருந்தது. இணைய டிரைவோடு இந்த `Pani` ஃபோல்டர் தானாக ஒத்துப்போகும்படி வைத்திருந்தேன், அதுவே பாதுகாப்பு நகல் என்றும் எண்ணியிருந்தேன். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும், இங்கே மேலே எழுதினால் அங்கேயும் எழுதும். `target`-இல் 50 போய் 30 வந்தது டிரைவிலும் அடுத்த நிமிடமே நடந்திருந்தது. அங்கே பழைய வடிவம் கொஞ்ச நாள் தங்கும், ஆனால் நான் போய்த் தேடியபோது அந்த நாள் கடந்திருந்தது. இப்போது வெள்ளிக்கிழமை சாயங்காலம் தனி வட்டு ஒன்றைச் செருகி, அந்த வாரம் தொட்ட வேலைகளின் `01_in`, `04_out` இரண்டையும், ஒமேகாடியின் `project_save.tmx` ஃபைலையும் நகலெடுக்கிறேன். மொழிபெயர்ப்பு முழுக்க அந்த ஒரு ஃபைலில்தான் இருக்கிறது. மூலமும் அதுவும் இருந்தால் மற்றதை எல்லாம் மறுபடி உருவாக்கிக்கொள்ளலாம். நகலெடுத்ததும் வட்டைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுவேன்.

அந்தப் பம்ப் கம்பெனி இந்த ஆண்டு கையேட்டின் புதிய பதிப்பை அனுப்பியிருக்கிறது. 014-ஐத் திறந்து `sent.txt`-ஐப் பார்த்தேன். கடைசி வரி `S2_D3`, மின்னஞ்சல், ஜூலை. புதியதை அதோடு ஒப்பிட்டதில் பதினாலாம் பக்கம் மறுபடி மாறியிருக்கிறது. 50 அப்படியே இருக்கிறது. ஃபுட் வால்வுக்கும் கிணற்றின் அடித்தரைக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளி என்று அதன் கீழே புதிதாக ஒரு வரி வந்திருக்கிறது.